அரசோடு சமரசம்: நிலம் கொடுத்தவர் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

டெல்டாவில் ஒரு பிரச்சினை முற்றி சாலை மறியல் வரை போனால், அடுத்த நாள் தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை வைப்பார்கள். வட்டாட்சியர், காவல்துறையினர், விவசாயிகள் எல்லோரும் உட்கார்ந்து பேசி, முடிவில் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள். "பாக்கி இழப்பீடு மூன்று மாதத்தில் வழங்கப்படும்" என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாளை லேமினேட் செய்து பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள் மன்னார்குடியிலும் உண்டு, மயிலாடுதுறையிலும் உண்டு. ஊர் அமைதிக்கு அந்தத் தாள் உதவியிருக்கலாம். பணம் வாங்க உதவாது. அரசு கஜானாவிலிருந்து பணம் தர ஒப்புக்கொள்ளும் அதிகாரம் அந்த அறையில் இருந்த யாருக்கும் இல்லை. விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் வாய்மொழியாகச் சொன்னதும் இதே கணக்கில்தான் சேரும்.

அரசோடு சமரசமே ஆகாது என்று இதற்குப் பொருளல்ல. நில எடுப்பு இழப்பீட்டு வழக்குகள் மக்கள் நீதிமன்றத்தில் ஆண்டுதோறும் முடிகின்றன. எதிரில் நிற்பவர் தன் பணத்தை விட்டுக்கொடுக்கவில்லை, பொதுப் பணத்தை விட்டுக்கொடுக்கிறார். அந்த அதிகாரம் அவருக்கு எவ்வளவு, யாரிடமிருந்து வந்தது என்பதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். பல காலமாக இழுக்கும் பழைய 1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்ட வழக்கு ஒன்றை வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். 2014 ஜனவரி 1 முதல் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. கட்டாயமாக நிலம் எடுப்பதற்காக விலைக்கு மேல் தரும் ஆறுதல் தொகையும் வழக்கு போகும் இடமும் அதில் மாறின. அதிகாரியின் அதிகார எல்லை பற்றி இங்கே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும்.

முதல் படி: உங்கள் வழக்கு எங்கே நிற்கிறது?

அதிகாரி நிர்ணயித்த தொகையை ஆட்சேபத்தோடு வாங்கிக்கொண்டு, பழைய சட்டத்தின் 18-ஆம் பிரிவில் மேல் இழப்பீடு கேட்டிருந்தால், வழக்கு சார்பு நீதிமன்றத்தில் இருக்கும். அங்கே தொகை உயர்ந்து அரசு மேல்முறையீடு போயிருந்தால் உயர் நீதிமன்றத்தில் இருக்கும். டெல்டாவில் இங்கே ஒரு குழப்பம் உண்டு. தஞ்சாவூர், திருச்சி மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வழக்குகள் சென்னைக்குப் போகும். கும்பகோணத்துக்காரரும் வலங்கைமான்காரரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ஆனால் மேல்முறையீடு என்று வந்தால் ஒருவர் மதுரைக்கும் மற்றவர் சென்னைக்கும் பஸ் ஏற வேண்டும். சமரசத்துக்கான மனுவையும் அந்தந்த உயர் நீதிமன்றச் சட்டப்பணிக் குழுவிடம்தான் கொடுக்க வேண்டும். சார்பு நீதிமன்ற வழக்கென்றால் வட்டச் சட்டப்பணிக் குழுவே போதும்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். தொகையை அதிகாரி நிர்ணயிக்கும் முன்பே "இந்த விலைக்குச் சம்மதம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால், பழைய சட்டத்தின் 11(2) பிரிவின்படி அது சம்மதத் தீர்வாகிவிடும். அப்படி ஒப்புக்கொண்டவர் பிறகு 18-ஆம் பிரிவில் மேல் இழப்பீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் பிராதார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இரண்டாம் படி: எந்தக் கதவைத் தட்டுவது?

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் மத்தியஸ்தம் என்கிறார்கள். 2023-இல் வந்த மத்தியஸ்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், மத்தியஸ்தத்துக்கு ஏற்றவை அல்ல என்று ஒதுக்கிய தகராறுகளின் பட்டியல் இருக்கிறது. நில எடுப்பும் அதற்கான இழப்பீட்டு நிர்ணயமும் அதில் அடங்கும். எனவே "மத்தியஸ்தரிடம் போய் முடித்துக்கொள்ளலாம்" என்று யாராவது அழைத்தால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேளுங்கள். அரசு தரப்பாக இருக்கும் மற்ற தகராறுகளில்கூட, உரிய அதிகாரியின் முன் அனுமதி எழுத்தில் கிடைத்த பிறகுதான் ஒப்பந்தத்தில் கையெழுத்தாக வேண்டும் என்கிறது அதே சட்டம். சட்டமே அதிகார எல்லையை எழுதி வைத்திருப்பதற்கு இது ஓர் உதாரணம்.

உங்களுக்கு உரிய கதவு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் கீழ் அமையும் மக்கள் நீதிமன்றம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் வழக்கை அங்கே அனுப்பலாம். ஒரு தரப்பு மட்டும் கேட்டாலும், சமரசத்துக்கு வாய்ப்பு இருப்பதாக நீதிமன்றம் கருதினால் மறுதரப்பின் பதிலைக் கேட்டுவிட்டு அனுப்பலாம். அங்கே பதிவாகும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் யாரும் மேல்முறையீடு செய்ய முடியாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வரும்.

அரசு ஊழியர் கோணத்திலும் இதற்கு ஒரு பயன் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பாணைக்கான பணம், அரசியலமைப்பின் 202-ஆம் பிரிவுப்படி மாநிலத் தொகுப்பு நிதியின் மேல் சார்த்தப்பட்ட செலவு, அதற்குச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு கிடையாது. வெறும் ஒப்பந்தத் தாளின் மேல் பணம் கொடுத்தால், "எந்த ஆணையின்படி கொடுத்தீர்?" என்று தணிக்கைக் குறிப்பு வரும். ஓய்வு பெறும் நேரத்தில் அந்தக் குறிப்பு கழுத்தைப் பிடிக்கும் என்பதை எந்த எழுத்தரும் அறிவார். நமக்கு அலட்சியமாகத் தெரிவதில் பாதி இந்தப் பயம்தான். அதைப் புரிந்துகொண்டால் பேச்சு எளிதாகும்.

மூன்றாம் படி: கணக்கை நீங்களே போடுங்கள்

விளங்குவதற்காக ஒரு நிலத்தைக் கற்பித்துக்கொள்வோம். திருவாரூர்ப் பக்கம் ஒரு நகராட்சியின் பேருந்து நிலையத்துக்காக 100 சென்ட் நன்செய் எடுக்கப்பட்டது. நம்மூர் அளவில் சுமார் மூன்று மா. நிலம் எடுக்கப்போவதாக அரசு வெளியிட்ட 4(1) அறிவிக்கை 2005 ஜூலை 1. அதிகாரி இழப்பீட்டை நிர்ணயித்த தீர்வமும் சுவாதீனமும் 2007 ஜூலை 1. அதிகாரி நிர்ணயித்தது சென்ட்டுக்கு 1,000 ரூபாய், அதை ஆட்சேபத்தோடு வாங்கியாயிற்று. சார்பு நீதிமன்றம் சென்ட்டுக்கு 4,000 என்று உயர்த்தியது. அரசு மேல்முறையீடு செய்திருக்கிறது, நீதிமன்றத்தில் இன்னும் எதுவும் கட்டவில்லை.

உயர்ந்த தொகை சென்ட்டுக்கு 3,000, ஆக 3,00,000 ரூபாய். அதன் மேல் ஆறுதல் தொகை 30 சதவீதம், 90,000. அறிவிக்கையிலிருந்து தீர்வம் வரை ஆண்டுக்கு 12 சதவீதக் கூடுதல் சந்தை மதிப்பு, இரண்டு ஆண்டுக்கு 72,000. மூன்றும் சேர்ந்து 4,62,000. இதற்கு 28-ஆம் பிரிவு வட்டி சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து ஓடும். முதல் ஆண்டு 9 சதவீதம், பிறகு ஆண்டுக்கு 15 சதவீதம். ஆறுதல் தொகைக்கும் வட்டி உண்டு என்பது 2001-இல் சுந்தர் வழக்கில் தீர்ந்த விஷயம். 2025 ஜூலை 1 வரை 18 ஆண்டுக்கு வட்டி மட்டும் 12,19,680. மொத்தம் 16,81,680 ரூபாய்.

இப்போது அரசுத் தரப்பு, "நாலாயிரத்தில் இருபது சதவீதம் குறைத்து 3,200-க்கு முடிக்கலாம்" என்கிறது. கேட்பதற்கு நியாயமாக இருக்கும். கணக்கைப் போடுங்கள். உயர்வு 2,200, நூறு சென்ட்டுக்கு 2,20,000. ஆறுதல் தொகை 66,000, கூடுதல் மதிப்பு 52,800, ஆக 3,38,800. வட்டி 8,94,432. மொத்தம் 12,33,232. நீங்கள் விட்டுக்கொடுப்பது 4,48,448 ரூபாய், அதாவது இருபது அல்ல, ஏறத்தாழ 27 சதவீதம். ஏற்கெனவே வாங்கிய ஆயிரத்தில் குறைப்பு விழாது, உயர்ந்த மூவாயிரத்தில்தான் முழுக் குறைப்பும் விழுகிறது. பேச்சு மேசையில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.

அப்படியானால் மறுத்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். சார்பு நீதிமன்றம் எதை நம்பி 4,000 கொடுத்தது என்று தீர்ப்பைப் படியுங்கள். பக்கத்தில் ஐந்து சென்ட் வீட்டுமனைக் கிரயப் பத்திரம் ஒன்றை அப்படியே வைத்து, பெரிய நிலத்துக்கான கழிவு எதுவும் செய்யாமல் விலை போட்டிருந்தால், மேல்முறையீட்டில் அது நிற்பது கடினம். மனைக்குரிய விலையை வயலுக்குப் பொருத்தும்போது சாலை, வடிகால் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கு வரை கழிப்பது பல தீர்ப்புகளில் உண்டு. அப்படிக் கழித்தால் சென்ட் 2,667-க்கு வந்துவிடும். அந்த நிலையில் 3,200 மோசமான விலை அல்ல. மாறாக, அதே கிராமத்து நன்செய்ப் பத்திரத்தை வைத்து, அதுவும் 4(1) அறிவிக்கைக்கு முந்தையதை வைத்து, கழிவும் செய்து 4,000 கொடுத்திருந்தால் நீங்கள் இறங்கி வரக் காரணமே இல்லை.

ஒரு சென்ட்டுக்கு எவ்வளவு என்று பேசுவதைவிட வட்டியில் பேசுவது சில நேரம் இருவருக்கும் எளிது. விலை 4,000 அப்படியே இருக்கட்டும், வட்டியை ஒரு தேதியோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லலாம். நம் கணக்கில் ஓராண்டு வட்டி 69,300. மூன்றாண்டு வட்டியை விட்டால் இரண்டு லட்சத்துச் சொச்சம் குறையும், நிலத்தின் விலை குறைந்ததாகவும் எங்கும் பதிவாகாது. அதிகாரிக்கும் "அரசுக்கு இவ்வளவு மிச்சம்" என்று கோப்பில் எழுத ஒரு எண் கிடைக்கும்.

நான்காம் படி: எதிரில் இருப்பவருக்கு என்ன அதிகாரம்?

இங்கே நிதானமாகப் பாருங்கள். மக்கள் நீதிமன்றத்தில் அரசுக்காக உட்காருபவர் பெரும்பாலும் தனி வட்டாட்சியரும் அரசு வழக்கறிஞரும். தனி வட்டாட்சியர் கோப்பைக் கொண்டு வருபவர், விலையைக் கூட்டவோ குறைக்கவோ சொந்த அதிகாரம் உள்ளவர் அல்ல. அரசு வழக்கறிஞரும் அப்படித்தான். கட்சிக்காரரின் அறிவுறுத்தல் இல்லாமல் வழக்கறிஞர் உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அரசு வழக்கறிஞருக்கும் பொருந்தும்.

எனவே கேட்க வேண்டியது ஒரு கடிதம். சமரசத்துக்கு ஒப்புதல் தந்த செயல்முறை ஆணையின் ந.க. எண்ணும் தேதியும் அதில் இருக்க வேண்டும். உங்கள் மேல்முறையீட்டு எண்ணும் புல எண்களும் சரியாக இருக்கின்றனவா, ஒப்புக்கொள்ளும் உச்ச விலை சென்ட்டுக்கு எவ்வளவு, வட்டியும் ஆறுதல் தொகையும் அதற்குள் அடக்கமா தனியா என்று பாருங்கள். "சமரசத்துக்கு நடவடிக்கை எடுக்கவும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் அது ஒப்புதல் அல்ல, பேசிப் பார்க்கச் சொன்ன உத்தரவு மட்டுமே. கடிதத்தில் உச்சவரம்பு 3,000 என்றிருக்க மேசையில் 3,200-க்கு கையெழுத்துப் போட ஒருவர் தயாராக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்த 200 ரூபாய்தான் பிறகு முழுத் தீர்வையும் ஆட்டும். மேலிடத்துக்கு எழுதிப் புதிய ஒப்புதல் வரட்டும் என்று ஓர் அமர்வு தள்ளிப்போடுவதே மேல். தேசிய மக்கள் நீதிமன்றம் பொதுவாக ஆண்டுக்கு நான்கு முறை கூடுகிறது, அடுத்தது வெகு தூரத்தில் இல்லை.

யாருக்காக நிலம் எடுக்கப்பட்டதோ, அவர்களின் ஒப்புதலும் தேவை. நம் எடுத்துக்காட்டில் வருவாய்த் துறை நிலத்தை எடுத்துக் கொடுத்தது, பணம் கட்ட வேண்டியது நகராட்சி. பழைய சட்டத்தின் 50(2) பிரிவும், 1995-இல் கியான் தேவி வழக்கின் தீர்ப்பும் உள்ளாட்சி அமைப்புக்கு அறிவிப்புப் பெறும் உரிமையைத் தருகின்றன. ஆட்சியர் தரப்பு மட்டும் கையெழுத்திட்டு நகராட்சியைக் கூப்பிடாமல் விட்டால், "எங்களைக் கேட்கவே இல்லை" என்று அது நீதிமன்றத்துக்கு வரலாம். நகராட்சி ஆணையரிடமும் தனியாகக் கடிதம் வாங்குங்கள், அவருக்கு மன்றத் தீர்மானம் தேவையா என்றும் கேளுங்கள்.

தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை என்றேன். ஆனால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வழி உண்டு. மக்கள் நீதிமன்றத் தீர்வை மிகக் குறுகிய காரணங்களுக்காக அப்படி எதிர்க்கலாம் என்று 2008-இல் ஜலூர் சிங் வழக்கு சொன்னது. உண்மையான சம்மதம் இல்லை, ஏமாற்று நடந்தது என்பவை அந்த வகையில் வரும். அதிகாரமில்லாத அதிகாரியின் கையெழுத்து, "அரசு சம்மதிக்கவே இல்லை" என்ற வாதத்துக்கு நேராகக் கொண்டுபோய் விடும். அந்த வாய்ப்பை அடைக்கத்தான் இத்தனை கடிதமும். தர மறுத்தால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பார்க்கலாம், பதிலுக்கு முப்பது நாள்.

ஐந்தாம் படி: எதைப் பேச்சிலேயே சேர்க்கக் கூடாது?

பணத்தைக் குறைத்துக்கொள்கிறேன், அதற்குப் பதிலாக என் வயலை ஒட்டியிருக்கும் வாய்க்கால் புறம்போக்கை என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. தலையாட்டும் அதிகாரிகளும் உண்டு. ஆற்றுப் படுகை, குளம், வாய்க்கால் இவற்றை எந்த வட்டாட்சியராலும் சமரசத்தில் தர முடியாது. குளம் குட்டைகளை மனையாக ஒதுக்கியது செல்லாது என்று 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும், பொது நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு முறைப்படுத்திக் கொடுக்கக் கூடாது என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. இந்த ஒரு வரியைச் சமரசத்தில் சேர்த்தால், பண விஷயத்தில் சரியாக இருக்கும் பகுதியும் கேள்விக்குள்ளாகும்.

"நிலத்தில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள்" என்பதும் இதே ரகம். சுவாதீனம் எடுத்து அரசுக்குச் சேர்ந்த நிலம் சாதாரணமாகத் திரும்பாது. பழைய சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 48-பி பிரிவு, எடுத்த காரியத்துக்கோ வேறு பொதுக் காரியத்துக்கோ தேவைப்படாத நிலத்தை முன்னாள் உரிமையாளருக்கு மாற்றித் தர அரசுக்கு அதிகாரம் தந்தது. அந்த அதிகாரம் கோட்டையில் இருக்கிறது, தாலுகா அலுவலகத்தில் இல்லை.

உங்கள் பக்கத்திலும் எல்லைகள் உண்டு. வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதியில்லாமல் அவர் சார்பில் சமரசம் செல்லாது. நிலத்தில் பதிவு பெற்ற குத்தகைதாரர் இருந்தால் அவர் பங்கு தனியாகத் தீர வேண்டும். கோயில் நிலமென்றால், கோயிலுக்குரிய பங்கைச் செயல் அலுவலர் தன் விருப்பத்துக்கு விட்டுத்தர முடியாது. அவரும் ஒரு பொதுச் சொத்தின் காவலர்தான், அறநிலையத் துறையின் மேலிட ஒப்புதலை அவரிடமும் கேளுங்கள்.

ஆறாம் படி: பக்கத்து வயல்காரரை மறக்காதீர்கள்

ஒரே அறிவிக்கையில் பலர் நிலம் போயிருக்கும். அன்று 18-ஆம் பிரிவில் மனுப் போடாதவர்கள், போட்டவருக்கு நீதிமன்றம் உயர்த்திக் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் 28-ஏ பிரிவில் அதே விலை கேட்கலாம். ஆனால் அந்த உயர்வு நீதிமன்றம் தீர்மானித்ததாக இருக்க வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக வந்த விலையை வைத்து 28-ஏ கேட்க முடியாது என்று 2022-இல் நொய்டா எதிர் யூனுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அந்த விலை பேச்சில் வந்தது, சாட்சியத்தை எடைபோட்டு வந்ததல்ல என்பது காரணம்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அண்ணன் வழக்குப் போட்டார், தம்பி போடவில்லை, அண்ணன் தீர்ப்பை நம்பித் தம்பி காத்திருக்கிறார் என்றால், சார்பு நீதிமன்ற நிலையிலேயே அண்ணன் சமரசமாகிவிட்டால் தம்பிக்குக் கிடைக்க வேண்டியது போய்விடும். தீர்ப்பு வந்த பிறகு மேல்முறையீட்டில் சமரசம் என்றால், தம்பி அந்தத் தீர்ப்பிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனுக் கொடுத்தாரா என்பதை முதலில் பாருங்கள். அதிகாரிகள் கூட்டத்தில் "எல்லாருக்கும் இதே ரேட்" என்று சொல்வார்கள். அந்தச் சொல்லுக்கும் அமைதிப் பேச்சுவார்த்தைத் தாளுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஏழாம் படி: ஷரத்துகளும் பணமும்

சமரச ஷரத்தில் "முழுத் தொகை இவ்வளவு" என்று ஒரே எண்ணாக எழுத விடாதீர்கள். சென்ட் விலை, பரப்பு, ஆறுதல் தொகை, கூடுதல் மதிப்பு, வட்டி எந்தத் தேதி வரை என்று தனித்தனியாக வரட்டும். இடைக்காலத் தடைக்காக அரசு முன்பு நீதிமன்றத்தில் பணம் கட்டி அதை நீங்கள் எடுத்திருந்தால், அதைக் கழித்த மீதியையும் எழுதுங்கள். ஒப்புதல் ஆணைகளின் எண்ணும் தேதியும் ஷரத்துக்குள்ளேயே இடம் பெற வேண்டும், நகராட்சியின் ஆணையும் அதில் அடங்கும். நாளைக்குக் கோப்பு காணாமல் போனாலும் தீர்வில் அது பதிவாகியிருக்கும்.

கெடு வைக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 12 வாரத்துக்குள் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும், தவறினால் விட்டுக்கொடுத்த வட்டி உட்பட 15 சதவீதம் தொடரும் என்று கேளுங்கள். இதற்கும் அரசுத் தரப்பின் ஒப்புதல் ஆணையில் இடம் வேண்டும் என்பதால் கடைசி நாளில் கேட்காமல் முதல் பேச்சிலேயே வைத்துவிடுங்கள். நிதி ஒதுக்கீடு வந்துவிட்டதா, வர வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வர வேண்டியது என்றால் 12 வாரம் போதாது என்று அவர்களே சொல்வார்கள், அதை நம்பலாம்.

கெடு முடிந்தும் பணம் வரவில்லையென்றால் தீர்வை வைத்து நிறைவேற்று மனுப் போடலாம். ஆட்சியர் அலுவலக ஜீப்பை அமீனா ஜப்தி செய்யப் போன செய்தியைப் படித்திருப்பீர்கள், அவற்றுள் நில எடுப்பு வழக்குகளும் உண்டு. பணம் நீதிமன்றக் கணக்கில் ஏறி, காசோலை மனு போட்டு, தொகை ஒவ்வொரு வாரிசின் வங்கிக் கணக்கிலும் விழும் வரை "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற குறிப்பில் யாரும் கையெழுத்திட வேண்டாம், அலுவலகத்தில் அந்தத் தாளை முன்கூட்டியே நீட்டினாலும்.